லாபம் பன்னிரண்டு கோடி, பணம் எங்கே?

நிதி நிறுவனங்களுக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் எழுதும் முதல் குறிப்பு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: “விற்பனை 15 சதவீதம் கூடியிருக்கிறது. நிகர லாபம் 14 சதவீதம் உயர்ந்திருக்கிறது. நிறுவனம் வலுவான வளர்ச்சிப் பாதையில் இருக்கிறது.” முதல் இரண்டு வரிகளைச் சரிபார்த்தால் பிழை இருக்காது. மூன்றாவது வரியை எழுத வேண்டுமானால் அறிக்கையில் இன்னும் நாலைந்து பக்கம் புரட்டியிருக்க வேண்டும். அதற்குள் மாலை ஐந்து மணி ஆகிவிடுகிறது, குறிப்பு மேசைக்கு வந்துவிடுகிறது.

அந்த நாலைந்து பக்கங்களில் என்ன இருக்கிறது என்பதை ஒரு கணக்கை வைத்தே பார்த்துவிடலாம். நிறுவனம் கற்பனை, எண்களும் நான் போட்டவைதான். ஆனாலும் திருப்பூர்ப் பக்கத்துப் பின்னலாடை ஏற்றுமதியாளர்களின் கணக்கைப் பார்த்தவர்களுக்கு இதன் சாயல் புதிதாக இராது.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. ஆண்டறிக்கையில் ஒரே கணக்கு இரண்டு முறை வரும்: தாய் நிறுவனத்துக்கு மட்டும் ஒன்று, துணை நிறுவனங்களையும் சேர்த்து ஒன்று. எதை எடுத்தோம் என்று தாளின் தலையில் எழுதிக்கொள்ள வேண்டும். அட்டவணையின் வலது மூலையில் பொடி எழுத்தில் ‘ரூ. லட்சத்தில்’ என்றோ ‘கோடியில்’ என்றோ இருக்கும். அதைக் கவனிக்காமல் ஒரு நிறுவனத்தை நூறு மடங்கு பெரிதாக்கிய குறிப்பை நானே ஒருகாலத்தில் எழுதியிருக்கிறேன்.

இனி லாப நட்டக் கணக்கு. விற்பனை போன ஆண்டு 200 கோடி, இந்த ஆண்டு 230 கோடி. நூல், கூலி, மின்சாரம், சாயமேற்றும் செலவு எல்லாம் சேர்த்து போன ஆண்டு 176 கோடி, இந்த ஆண்டு 205 கோடி. விற்பனையிலிருந்து இதைக் கழித்தால் தொழில் தந்த லாபம் வரும்: அப்போது 24 கோடி, இப்போது 25 கோடி. முப்பது கோடிக்குக் கூடுதலாக விற்றும் கைக்கு வந்தது ஒரு கோடிதான். நூறு ரூபாய் விற்பனைக்கு 12 ரூபாய் மிஞ்சிக்கொண்டிருந்தது, இப்போது 11 ரூபாய்கூட முழுதாக மிஞ்சவில்லை.

தேய்மானம் இரண்டு ஆண்டிலும் 6 கோடி. வட்டி 6 கோடியிலிருந்து 9 கோடியாகிவிட்டது. இந்த இரண்டையும் கழித்தால் தொழில் லாபம் 12 கோடியிலிருந்து 10 கோடிக்கு இறங்கியிருக்கிறது. பிறகு எப்படி நிகர லாபம் உயர்ந்தது? ‘இதர வருமானம்’ என்ற வரியில் பதில் இருக்கிறது. போன ஆண்டு 2 கோடி இருந்த அந்த வரி இந்த ஆண்டு 6 கோடி. அதன் பக்கத்தில் ஒரு குறிப்பு எண் இருக்கும். அந்த எண்ணைத் தேடிப் பின்பக்கத்துக்குப் போனால், நிறுவனம் ஒரு நிலத்தை விற்று 4 கோடி லாபம் பார்த்தது தெரிகிறது. அதைச் சேர்த்ததால்தான் வரிக்கு முந்தைய லாபம் 14 கோடியிலிருந்து 16 கோடி, வரி போக 10.5 கோடியிலிருந்து 12 கோடி என்று ஏறியது. அடுத்த ஆண்டு விற்க இன்னொரு நிலம் இருக்குமா என்பது வேறு விஷயம்.

இத்தோடு நிறுத்தினாலும் குறிப்பு முன்பைவிடத் தேவலாம். ஆனால் லாப நட்டக் கணக்கு ஓர் ஆண்டில் நடந்ததைத்தான் சொல்லும். நடந்ததில் மிஞ்சியது எங்கே, என்ன உருவத்தில் கிடக்கிறது என்பதை இருப்புநிலைக் குறிப்பு சொல்லும். நம் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, பேலன்ஸ் ஷீட்தான்.

அதில் நான் முதலில் பார்ப்பது வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி. மளிகைக்கடைக் கடன் நோட்டுதான் இது, அளவு மட்டும் பெரிது. சரக்கை அனுப்பி பில் போட்ட அன்றே விற்பனை கணக்கில் ஏறிவிடும், லாபமும் ஏறிவிடும். பணம் எப்போது வந்தாலும் கணக்குக்குக் கவலையில்லை. நம் நிறுவனத்தில் இந்தப் பாக்கி 40 கோடியிலிருந்து 63 கோடியாகியிருக்கிறது. பாக்கியை விற்பனையால் வகுத்து 365-ஆல் பெருக்கினால், விற்ற பணம் சராசரியாக எத்தனை நாளில் வருகிறது என்று தெரியும். போன ஆண்டு 73 நாள், இந்த ஆண்டு 100 நாள்.

இங்கே அவசரப்பட்டு ‘வசூல் கெட்டுவிட்டது’ என்று எழுதக் கூடாது. ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டில் விற்பனை திடீரென்று கூடியிருந்தால், மார்ச் 31 அன்று பாக்கி பெரிதாகத் தெரிவது இயல்புதான். பட்டியலிட்ட நிறுவனமென்றால் காலாண்டு முடிவுகள் பங்குச்சந்தைத் தளத்தில் கிடைக்கும். நம் கணக்கில் கடைசிக் காலாண்டு விற்பனை 60 கோடி, மற்றக் காலாண்டுகளைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. அதாவது முழுக் காலாண்டு விற்பனையையும் தாண்டிப் பணம் வெளியே நிற்கிறது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. உள்நாட்டு விற்பனையில் பாக்கித் தொகைக்குள் ஜிஎஸ்டி இருக்கும், விற்பனை எண்ணில் இருக்காது. அதனால் நாள் கணக்கு கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். ஏற்றுமதியில் அந்தத் தொல்லை பெரிதாக இல்லை.

அடுத்து, அந்த 63 கோடிக்கு வயது என்ன என்று பார்க்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்வரை இதை வெளியிலிருந்து தெரிந்துகொள்வது சிரமம். நிறுவனங்கள் சட்டத்தின் 3-வது அட்டவணையில் 2021-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, வரவேண்டிய பாக்கியை வயதுவாரியாகப் பிரித்துக் காட்டியே ஆக வேண்டும். கெடு தேதி தாண்டி ஆறு மாதத்துக்குள், ஆறு மாதம் முதல் ஓராண்டு, அதற்கு மேல் என்று கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். நம் நிறுவனத்தில் ஆறு மாதத்துக்கு மேல் கெடு தாண்டிய தொகை போன ஆண்டு 2 கோடி, இந்த ஆண்டு 14 கோடி. வராமல் போகலாம் என்று ஒதுக்கி வைத்திருப்பதோ ஒரு கோடிதான். பாதி வராது என்று வைத்துக்கொண்டால் இன்னும் 6 கோடியை லாபத்திலிருந்து எழுதித் தள்ள வேண்டும். வரிக்கு முந்தைய 16 கோடியில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

பொருத்தமான இன்னொரு பக்கம், பிரிவுவாரிக் கணக்கு பற்றிய குறிப்பு. மொத்த வருவாயில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தால் அதை அங்கே சொல்ல வேண்டும் என்பது கணக்கியல் விதி. பெயர் சொல்ல வேண்டியதில்லை. நம் நிறுவனத்தில் ஒருவரே 31 சதவீதம். பழைய பாக்கியும் அவருடையதா என்று அறிக்கை சொல்லாது. கேட்க வேண்டிய கேள்வி அது.

இப்போது பணத்தைத் தேடுவோம். தொழில் லாபம் 25 கோடியில் வரி 4 கோடி போக 21 கோடி. அதில் 23 கோடி வசூலாகாத பாக்கியாக வெளியே நிற்கிறது. சரக்கிருப்பு 30 கோடியிலிருந்து 38 கோடியானதில் 8 கோடி கிடங்கில் கிடக்கிறது. நூல் மில்காரர்களுக்குத் தரவேண்டியது 25 கோடியிலிருந்து 24 ஆனதில் ஒரு கோடி போயிற்று. ஆக, லாபம் காட்டிய ஆண்டில் தொழில் பணம் தரவில்லை, 11 கோடியை விழுங்கியிருக்கிறது. பணப்புழக்க அறிக்கையின் முதல் பகுதியில் இதே எண் அடைப்புக்குறிக்குள் நிற்கும். அடைப்புக்குறி என்றால் கழித்தல். அதைச் சாதாரண எண்ணாக வாசித்தவர்களும் உண்டு. வட்டி, புது இயந்திரம், பங்காதாயம் எல்லாவற்றுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? நிலம் விற்றதில் கொஞ்சம், மீதி வங்கியிலிருந்து. கடன் 50 கோடியிலிருந்து 74 கோடி.

இங்கே எனக்குப் பிடித்த ஒரு சோதனை உண்டு. ஆண்டுத் தொடக்கக் கடனும் இறுதிக் கடனும் சேர்த்துச் சராசரி 62 கோடி. கட்டிய வட்டி 9 கோடி. அப்படியானால் வட்டி விகிதம் பதினான்கரை சதவீதம். அறிக்கையிலேயே கடன் பற்றிய குறிப்பில் பத்து சதவீதத்தை ஒட்டி என்று இருக்கிறது. இரண்டும் பொருந்தவில்லை. பேலன்ஸ் ஷீட் மார்ச் 31 என்ற ஒரு நாளின் படம். அதற்கு முந்திய வாரங்களில் வசூலை முடுக்கி, சில கடன்களை அடைத்துவிட்டு, ஏப்ரலில் மீண்டும் வாங்குவது நடக்கிற காரியம்தான். பத்து சதவீதத்துக்கு 9 கோடி வட்டி என்றால் ஆண்டு முழுக்கச் சராசரிக் கடன் 90 கோடிக்கு அருகில் இருந்திருக்கலாம். ஏற்றுமதி பில்களை வங்கியில் கழிவுக்கு மாற்றியதற்கான செலவும் அந்த ஒன்பதுக்குள் இருக்கலாம். எது என்று வெளியிலிருந்து தீர்மானிக்க முடியாது. முரண்பாட்டைச் சொல்லலாம், குற்றச்சாட்டாகச் சொல்லக் கூடாது.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய ரொக்கம், வங்கி இருப்பு 5,361 கோடியில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். அங்கே பொய் லாபம், பாக்கிக்குள் மட்டும் ஒளிந்திருக்கவில்லை. பெரும்பகுதி ரொக்கமாகவே எழுதப்பட்டிருந்தது. நாள் கணக்குப் போட்டுப் பார்க்கும் பயிற்சி மாணவர் அதைப் பிடித்திருக்க முடியாது. தணிக்கையாளர் அறிக்கையை முழுதாக வாசிப்பது, தணிக்கையாளர் பாதியில் விலகியிருக்கிறாரா என்று பார்ப்பது போன்றவை அதனால்தான் தனி வேலைகள்.

இவ்வளவையும் தோண்டிய பிறகு குறிப்பு நீளாமல் இருப்பதுதான் கஷ்டம். இந்த நிறுவனத்துக்கு நான் ஏற்றுக்கொள்ளக்கூடிய குறிப்பு இது:

“விற்பனை 15% உயர்ந்து 230 கோடி. நிகர லாபம் 12 கோடி. இதில் வரிக்கு முன் 4 கோடி நில விற்பனையால் வந்தது, அதை நீக்கினால் லாபம் குறைந்திருக்கிறது. வசூல் காலம் 73 நாளிலிருந்து 100 நாளாகியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் கெடு தாண்டிய பாக்கி 14 கோடி, ஒதுக்கீடு ஒரு கோடி. தொழிலிலிருந்து பணவரத்து மைனஸ் 11 கோடி, பற்றாக்குறையின் பெரும்பகுதியைக் கூடுதல் கடன் 24 கோடி ஈடுசெய்திருக்கிறது. நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவை: பழைய பாக்கி எத்தனை பேருடையது, 31% வாடிக்கையாளரின் கெடு மாறியதா, ஆண்டில் அதிகபட்சக் கடன் எவ்வளவு.”

“வாங்கலாமா விற்கலாமா என்று கடைசியில் எழுத வேண்டாமா சார்?” என்று ஒரு பெண் கேட்டாள். வேண்டாம். அப்படிப் பரிந்துரைத்து வெளியிடுவதற்கு செபியின் 2014-ஆம் ஆண்டு ஆய்வாளர் விதிகளும் பதிவும் இருக்கின்றன. பயிற்சிக்கு வந்தவரின் குறிப்பு உள்ளே இருப்பவர்கள் அடுத்த கேள்வியைக் கேட்பதற்கு. அவள் தலையாட்டிவிட்டுத் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். மறுபடி கொண்டுவந்தபோது, ஒவ்வொரு எண்ணின் ஓரத்திலும் அது ஆண்டறிக்கையில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பென்சிலில் எழுதியிருந்தாள்.