பிள்ளை ஆஸ்பத்திரியில்: விடுப்புக் கடிதத்தில் எந்தக் காரணத்தை எழுதுவது?

மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பிள்ளையோடு தங்கியிருப்பதற்கென்றே ஒரு விடுப்பு, தனியார் துறையில் வேலை செய்யும் பெரும்பாலோருக்குச் சட்டத்தில் இல்லை. மத்திய அரசுப் பணியில் உள்ள பெண்களுக்கும், துணையின்றிப் பிள்ளை வளர்க்கும் ஆண்களுக்கும் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு பணிக்காலம் முழுமைக்கும் 730 நாள் வரை உண்டு. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் செவிலியர் அதைக் கேட்கலாம். அதே வார்டில் பிள்ளையின் கட்டிலருகே உட்கார்ந்திருக்கும் துணிக்கடை ஊழியர் கேட்க முடியாது. அவருக்கும் உரிமை இருக்கிறது. ஆனால் அது வேறு பெயரில் இருப்பதால் பலர் தவறான பெயரில் விடுப்புக் கேட்டு அதை இழக்கிறார்கள்.

குயிலாப்பாளையம் போன்ற ஊர்களில் முதலில் தெளிவாக வேண்டியது எந்த அரசின் சட்டம் என்பது. ஊர் விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் இருக்கிறது. பெரிய மருத்துவமனைகள் சில கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரியில் இருக்கின்றன. வேலை எல்லைக்கு இந்தப் பக்கமும் இருக்கலாம், அந்தப் பக்கமும் இருக்கலாம். பிள்ளை எங்கே படுத்திருக்கிறது என்பது கணக்கில் வராது. வேலை செய்யும் இடம் எந்த அரசின் எல்லைக்குள் இருக்கிறதோ அந்தச் சட்டமே பொருந்தும். கோட்டக்குப்பம் கடை என்றால் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. முத்தியால்பேட்டைக் கடை என்றால் புதுச்சேரியின் சட்டம். ஊராட்சிப் பகுதியில் உள்ள கடைக்குத் தமிழ்நாட்டுச் சட்டம் நடைமுறையில் உள்ளதா என்பதைத் தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

தமிழ்நாட்டுச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு சம்பளத்தோடு கூடிய விடுப்பை மூன்றாகப் பிரிக்கிறது. தொடர்ந்து 12 மாதம் வேலை செய்தவருக்கு அடுத்த ஆண்டில் 12 நாள். இது ஒன்று. மற்ற இரண்டுக்கும் ஓராண்டு காத்திருக்கத் தேவையில்லை. ஊழியர் தானே நோயுற்றாலோ விபத்தில் சிக்கினாலோ ஆண்டுக்கு 12 நாள் வரை. அதற்கு மேலும், நியாயமான எந்தக் காரணத்துக்காகவும் 12 நாள் வரை. பிள்ளையின் நோய் இந்தக் கடைசி வகையில்தான் வருகிறது. 'சிக் லீவ்' என்று பேச்சில் சொல்லப்படும் நோய் விடுப்பு ஊழியரின் உடம்புக்கு மட்டுமே உரியது. இ.எஸ்.ஐ. திட்டத்திலும் இதே பிரிவினைதான்: பிள்ளைக்குச் சிகிச்சை கிடைக்கும், ஆனால் சம்பள இழப்பை ஈடுகட்டும் நோய்க்கால உதவித்தொகை ஊழியர் தானே நோயுற்றால் மட்டும்.

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் எழுதிப் பழகிய விடுப்புக் கடிதத்தில் காரணம் எப்போதும் எழுதுபவரின் காய்ச்சல்தான். அந்தப் பழக்கம் வேலைக்கு வந்த பிறகும் விடுவதில்லை. பிள்ளைக்கு என்று எழுதினால் விடமாட்டார்கள் என்று பயந்து, தனக்கு உடல்நிலை சரியில்லை என்று எழுதிவிடுகிறார்கள். இது உள்ள உரிமையைக் கெடுக்கும் வேலை. மருத்துவமனைச் சீட்டில் பிள்ளையின் பெயர் இருக்கும்போது கடிதம் பொய்யாகிறது. கேட்ட விடுப்பே ஒழுங்கு நடவடிக்கைக்குக் காரணமாகிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. குயிலாப்பாளையத்திலிருந்து கோட்டக்குப்பம் துணிக்கடைக்குப் போய்வரும் ஒரு தாய் அங்கே சேர்ந்து 8 மாதம் ஆகிறது. வீட்டு விசேஷத்துக்காக ஏற்கெனவே 4 நாள் விடுப்பு எடுத்திருக்கிறார். 10-ஆம் தேதி இரவு ஆறு வயது மகன் டெங்குக் காய்ச்சலோடு புதுச்சேரியில் சேர்க்கப்படுகிறான். ஐந்து நாளாவது ஆகும் என்கிறார் மருத்துவர். அதற்கு மேல் உறுதி சொல்ல அவராலும் முடியாது, ஏனென்றால் டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் வருகிறது. ஓராண்டு ஆகாததால் முதல் வகை விடுப்பு இந்தத் தாய்க்கு இல்லை. நியாயமான காரணத்துக்கான 12 நாளில் 8 நாள் மிச்சம். கடிதம் இப்படி இருக்கலாம்:

'ஐயா, வணக்கம். என் மகன் (பெயர், வயது 6) 10-ஆம் தேதி இரவு (மருத்துவமனை) குழந்தைகள் பிரிவில் உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டுள்ளான். சிறுவன் என்பதால் நான் உடனிருக்க வேண்டியுள்ளது. எனவே 11-ஆம் தேதி முதல் 16-ஆம் தேதி வரை, கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 25-ஆம் பிரிவின்படி நியாயமான காரணத்துக்கான சம்பளத்துடன் கூடிய விடுப்பு அளிக்கக் கேட்டுக்கொள்கிறேன். சிகிச்சை நீண்டால் 16-ஆம் தேதிக்குள் எழுதித் தெரிவிக்கிறேன். அனுமதிச் சீட்டின் நகல் இணைத்துள்ளேன்.'

'பிள்ளைக்குச் சரியாகும் வரை' என்று முடிவில்லாமல் எழுதக் கூடாது. முடிவுத் தேதி இல்லாத கடிதம் முதலாளிக்கும் சங்கடம், ஊழியருக்கும் காப்பு ஆகாது. நாள் போதாவிட்டால் அந்தத் தேதிக்கு முன் இரண்டாவது கடிதம் கொடுக்க வேண்டும். மிச்சமுள்ள 8 நாளைத் தாண்டினால் மீதியைச் சம்பளமில்லா விடுப்பாகக் கேட்க வேண்டும். நோயின் விவரமெல்லாம் தேவையில்லை. உள்நோயாளி என்பதும் உடனிருப்பது அவசியம் என்பதும் போதும். டிஸ்சார்ஜ் சம்மரி வீடு திரும்பும்போதுதான் கிடைக்கும் என்பதால், முதல் நாளே அனுமதிச் சீட்டைப் படம் எடுத்துக்கொண்டு, உடனிருப்பவர் தேவை என்று ஒரு வரிச் சான்று மருத்துவரிடம் கேட்பது நல்லது.

அன்றிரவே வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம். ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. கடிதத்தை யாரிடமாவது கொடுத்தனுப்பி நகலில் தேதியோடு கையெழுத்து வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்பலாம். இத்தனையும் ஏன் என்றால், பிற்பாடு வரும் குற்றச்சாட்டு பெரும்பாலும் ஒன்றுதான்: 'சொல்லாமல் நின்றுவிட்டார், வேலையைக் கைவிட்டார்.'

இந்தக் குற்றச்சாட்டை உச்ச நீதிமன்றம் இரண்டு முக்கியத் தீர்ப்புகளில் ஆராய்ந்திருக்கிறது. டி.கே. யாதவ் வழக்கில் (1993), எட்டு நாளுக்கு மேல் வராதவரின் பெயர் தானாகவே நீங்கிவிடும் என்ற நிலையாணையைக் காட்டி விசாரணையின்றி நீக்கியது செல்லாது என்று தொழிலாளியை மீண்டும் வேலையில் சேர்த்து, பாதிச் சம்பள பாக்கியும் வழங்கச் சொன்னது. கிருஷ்ணகாந்த் பர்மார் வழக்கில் (2012), அனுமதியின்றி வராமல் இருப்பது எல்லாம் வேண்டுமென்றே வராமல் இருப்பது ஆகாது என்றும், நோய், விபத்து, மருத்துவமனைச் சேர்க்கை போன்ற தன் கட்டுப்பாட்டில் இல்லாத சூழல்களைப் பார்க்க வேண்டும் என்றும் கூறியது. பர்மார் அரசு ஊழியர். எனினும் தனியார் நிறுவன வழக்குகளிலும் இந்தக் கோட்பாடு எடுத்து வாதிடப்படுகிறது.

மாநிலச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தகுந்த காரணமின்றியும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ இன்றியும் நீக்கக் கூடாது என்கிறது. நடத்தைக் குற்றம் என்றால் முன்னறிவிப்பு வேண்டாம். ஆனால் அது விசாரணையில் நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும். நீக்கப்பட்டவர் அதே பிரிவின் கீழ்த் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அதற்குக் கால வரம்பு உண்டு என்பதால் ஆணை கைக்கு வந்த அந்த வாரமே கேட்டறிய வேண்டும். இந்தக் காப்பை மொத்தமாகப் பறிப்பது ஒன்று உண்டு. 'இப்போதைக்கு நின்னுக்கிறேன்னு எழுதிக் குடு, பையனுக்குச் சரியானதும் வா, சேத்துக்கிறோம்' என்று கனிவாகவே கேட்பார்கள். அப்படி எழுதினால் அது விடுப்பு அல்ல, ராஜினாமா. பணித் தொடர்ச்சி அறுந்துபோகும். பணிக்கொடைக்கான ஆண்டுக்கணக்கும் முதலிலிருந்து தொடங்கும்.

மரக்காணம் உப்பளங்களில் நாள்கூலிக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கடிதத்தால் பெரிய பயன் இல்லை. போகாத நாளுக்குக் கூலி இல்லை என்பதுதான் அங்கே நடைமுறை.

விடுப்பு மறுக்கப்பட்டாலோ வேலை போனாலோ விழுப்புரம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்கறிஞர் கட்டணமின்றிக் கிடைப்பார். பெண்களுக்கு இதில் வருமான வரம்பு கிடையாது. தொலைபேசி உதவி எண் 15100.