முதல் மரணத்தை எழுதிப் பார்த்த மாணவி

“காலை 10.20-க்கு நோயாளி இறந்தார். மிகவும் வருத்தமாக இருந்தது. வாழ்க்கை நிலையில்லாதது என்பதை உணர்ந்தேன்.”

நர்சிங் மாணவிகள் தாங்கள் பார்த்த முதல் மரணத்தைப் பற்றி எழுதும் குறிப்பு பெரும்பாலும் இப்படித் தொடங்கி இதிலேயே முடிந்துவிடும். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கட்டிலருகே என்ன நடந்தது, எழுதியவர் அங்கே என்ன செய்தார், எது அவரைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று எதுவும் இதில் இல்லை. நல்ல ஆசிரியை இந்த மூன்று வரிகளைப் படித்ததும் குறிப்பேட்டைத் திருப்பிக் கொடுப்பார். “நீ எங்கே நின்றிருந்தாய்? அங்கிருந்து எழுது” என்பார்.

நர்சிங் கல்லூரிகளில் இதை ரெஃப்ளெக்டிவ் ஜர்னல் என்பார்கள். மருந்து கொடுத்தது, நாடித்துடிப்பு பார்த்தது போன்றவற்றைக் கேஸ் ஷீட்டில் எழுதுகிறோம். அதைச் செய்தவருக்குள் நடந்ததை எழுதும் ஏடு இது. அமெரிக்கச் சிந்தனையாளர் டொனால்ட் ஷோன் 1983-இல் எழுதிய ஒரு நூலில், தேர்ந்த தொழிலாளர் செய்துகொண்டே யோசிக்கிறார், செய்து முடித்த பிறகும் யோசிக்கிறார் என்று விளக்கினார். இங்கிலாந்தின் கிரஹாம் கிப்ஸ் 1988-இல் அந்த யோசனைக்கு ஒரு வரிசை கொடுத்தார்: என்ன நடந்தது, என்ன உணர்ந்தாய், எது நன்றாக அமைந்தது எது அமையவில்லை, ஏன் அப்படி, வேறென்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வாய். உலகம் முழுக்க நர்சிங் மாணவர்கள் இன்றும் அதிகம் பின்பற்றுவது இந்த வரிசையைத்தான். பிரிட்டனில் வேலை பார்க்கும் நர்ஸ்கள் பதிவைப் புதுப்பிக்க, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இத்தகைய குறிப்புகள் ஐந்து எழுதியாக வேண்டும்.

கேள்விகள் எளியவைதான். அவற்றுக்கு நேர்மையாகப் பதில் எழுதுவதுதான் கடினம். அது எவ்வளவு கடினம் என்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். இங்கே வரும் மாணவி குறிப்பிட்ட ஒருவர் அல்லர். வார்டுகளில் மீண்டும் மீண்டும் நடப்பதை வைத்து அமைத்த உதாரணம் இது.

அவர் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு. ஆண்கள் மெடிக்கல் வார்டில் போஸ்டிங். அவரிடம் ஒப்படைக்கப்பட்டவர் எழுபதைத் தாண்டிய பெரியவர். நுரையீரல் புற்றுநோய் கல்லீரல் வரை பரவியிருந்தது. மூச்சு நின்றால் நெஞ்சை அழுத்தி மீட்க முயல வேண்டாம் என்று மருத்துவரும் குடும்பத்தாரும் ஏற்கெனவே பேசி முடிவெடுத்திருந்தார்கள். மாணவி அவரைத் தாத்தா என்றே கூப்பிட்டார். மூன்று நாளாக முகம் துடைத்துவிட்டதும் பஞ்சை நனைத்து உதட்டை ஈரப்படுத்தியதும் இவர்தான்.

நான்காம் நாள் காலை, படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கும் வேலை. ஸ்டாஃப் நர்ஸ் ஒரு பக்கம், மாணவி மறுபக்கம். இடப்பக்கமாகத் திருப்பி, முதுகுக்குத் தலையணை வைத்தார்கள். தாத்தா ஒரு மூச்சு இழுத்தார். அடுத்த மூச்சுக்காக மாணவி காத்திருந்தார். வரவில்லை.

மருத்துவர் வந்தார். கழுத்தில் நாடி பார்த்தார், ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார், கண்ணில் டார்ச் அடித்தார். இ.சி.ஜி. எடுத்தபோது காகிதத்தில் நேர்கோடு ஓடியது. அந்தத் துண்டைக் கிழித்துக் கேஸ் ஷீட்டில் ஒட்டி, நேரத்தைக் குறித்தார்கள். வாசலில் நின்ற மகள் ஓடிவந்தார்.

முதல் முறை எழுதியபோது மாணவி இதையெல்லாம் விட்டுவிட்டார். ஆசிரியை திருப்பிக் கொடுத்த பிறகு விடுதியில் உட்கார்ந்து எழுதியதில், ஒரு வாக்கியத்தை இரண்டு முறை அடித்துவிட்டு மூன்றாம் முறை அப்படியே விட்டிருந்தார். “நான்தான் திருப்பினேன். நான் திருப்பாமல் இருந்திருந்தால் அவர் இருந்திருப்பார்.”

வருத்தம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒளிந்திருந்தது இந்தக் குற்ற உணர்ச்சி. இது அவருக்கு மட்டும் வந்ததன்று. புரட்டும்போதோ குளிப்பாட்டும்போதோ நோயாளி இறந்துபோனதைப் பார்த்த நர்ஸ்கள் பலருக்கு உள்ளுக்குள் இந்தக் கேள்வி இருக்கிறது. சிலர் பணி ஓய்வு பெறும் வரை அதை யாரிடமும் கேட்பதில்லை. எழுதினால்தான் வெளியே வரும். வெளியே வந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

பதில் கிப்ஸின் நான்காம் கேள்வியில் இருக்கிறது: ஏன் அப்படி? அதற்கு மாணவி பாடப்புத்தகத்தைத் திறந்தார். கேஸ் ஷீட்டையும் தன் நினைவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். முந்தின நாள் மாலையிலிருந்து தாத்தாவின் மூச்சு விசித்திரமாக இருந்தது. மெல்ல ஆழமாகிக்கொண்டே போகும், பிறகு மெல்லக் குறையும், பிறகு சில நொடிகள் மூச்சே இருக்காது, மறுபடி தொடங்கும். இதற்குச் செய்ன்-ஸ்டோக்ஸ் சுவாசம் என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டில் டப்ளினில் பணியாற்றிய இரண்டு மருத்துவர்களின் பெயர்கள் அவை. மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைப்பகுதி தடுமாறத் தொடங்கியதன் அடையாளம் அது. அன்று காலை போர்வையை விலக்கியபோது முழங்காலில் ஊதா நிறத்தில் திட்டுத்திட்டாக இருந்ததைப் பார்த்திருந்தார். அடிபட்டதோ என்று நினைத்திருந்தார். ரத்த ஓட்டம் கைகால்களை விட்டு விலகி, உள்ளுறுப்புகளைக் காக்கச் சுருங்கும்போது வரும் திட்டு அது. மணிக்கட்டில் நாடி கிடைக்கவில்லை. தனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை என்று எண்ணிக் கழுத்தில் எண்ணி எழுதியிருந்தார். சிறுநீர்ப் பையில் முந்தின இரவு முழுக்கச் சேர்ந்தது கொஞ்சம்தான்.

மூன்று நான்கு அடையாளங்கள். எல்லாவற்றையும் அவர் தன் கண்ணால் பார்த்திருக்கிறார், தன் கையால் தொட்டிருக்கிறார். ஆனால் ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை. சேர்த்துப் பார்த்தபோது, புரட்டுவதற்குப் பல மணி நேரம் முன்பே மரணம் தொடங்கிவிட்டது என்பது விளங்கியது. கடைசி மூச்சு எந்த நிமிடத்தில் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவர் உயிரை எடுத்தது புற்றுநோய். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிய கைகள் அவருக்குப் புண் வராமல் காத்தன. இந்த வரிகளை எழுதியபோது கை நடுங்கவில்லை என்று மாணவி குறிப்பில் சேர்த்திருக்கிறார்.

இத்தோடு நின்றிருந்தால் அது ஆறுதல் தரும் குறிப்பாக மட்டும் இருந்திருக்கும். ஆசிரியை ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதினார்: “மகளிடம் என்ன பேசினாய்?”

அங்கேதான் உண்மையான தவறு இருந்தது. அன்று காலை எட்டு மணிக்கு மகள், “சிஸ்டர், அப்பா மூச்சு விடுறது ஒரு மாதிரி இருக்கே?” என்று கேட்டிருக்கிறார். மாணவி, “ஒண்ணும் இல்லக்கா, சரியாயிடும்” என்று சொல்லியிருக்கிறார். மகள் அதை நம்பிக் காபி வாங்கக் கீழே போனார், ஊரிலிருந்து கிளம்பத் தயாராக இருந்த தம்பிக்குப் போன் செய்து “அவசரமில்ல, நாளைக்கு வா” என்றார். தம்பி வந்தபோது அப்பா பிணவறையில் இருந்தார்.

திருப்பியதற்காக அழுத மாணவி இதை நினைத்து அழவில்லை. அது தவறென்றே அவருக்குத் தோன்றவில்லை. நம் வார்டுகளில் “சரியாயிடும்” என்பது வணக்கம் சொல்வதைப்போல வாயில் வரும் வார்த்தை. இரக்கத்தால் சொல்வதுதான். ஆனால் அது ஒரு மகனுக்குக் கடைசியாகக் கைபிடிக்கக் கிடைத்த இரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொண்டது. இல்லாத குற்றத்தைச் சுமந்துகொண்டு, இருந்த தவறைக் காணாமல் விடுவது மனித மனத்தின் இயல்பு. இரண்டையும் பிரித்துக் காட்டுவதுதான் இந்தக் குறிப்பேட்டின் வேலை.

மாணவி சிறு பெண். தீர்ப்புச் சொல்வது போல “இறக்கப் போகிறார்” என்று சொல்ல அவருக்கு அதிகாரமும் இல்லை, அனுபவமும் இல்லை. அப்படியானால் என்ன சொல்லியிருக்கலாம்? ஐந்தாம் கேள்விக்கு அவர் எழுதிய பதில் எளியது: “எனக்கும் மாற்றம் தெரியுதுக்கா. சிஸ்டரை இப்பவே கூட்டிட்டு வர்றேன். நீங்க பக்கத்துலயே இருங்க.” பார்த்ததை மறுக்காமல், தெரியாததைச் சொல்லாமல், தெரிந்தவரை அழைத்து வருவது.

குறிப்பின் கடைசிப் பகுதி இறந்த உடலைப் பற்றியது. கண்ணிமைகளை மெல்ல மூடிச் சிறிது நேரம் பிடித்திருந்தார்கள். முகத்தில் ரத்தம் தேங்கி நிறம் மாறாமல் இருக்கத் தலைக்கு அடியில் ஒரு தலையணையை விட்டுவைத்தார்கள். உடல் விறைக்கத் தொடங்குமுன் கைகால்களை நேராக்கினார்கள். சட்டம் சம்பந்தப்பட்ட வழக்காக இருந்தால் குழாய்களை அப்படியே விட வேண்டும். இங்கே அப்படியில்லை என்பதால் அகற்றினார்கள். துடைப்பதற்காகப் புரட்டியபோது உடலிலிருந்து ஒரு முனகல் வந்தது. மாணவி பதறிப் பின்வாங்கினார். நெஞ்சில் மிஞ்சிய காற்று வெளியேறும் ஓசை அது. இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அவர் பயந்திருக்க மாட்டார்.

ஸ்டாஃப் நர்ஸ் முகத்தைத் துடைக்கும்போது, “ஐயா, முகம் துடைச்சு விடறேன்” என்று உயிரோடு இருப்பவரிடம் பேசுவதுபோலச் சொன்னார். பிறகு பேண்டேஜால் தாடையைக் கட்டினார், கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினார். பாட்டி இறந்தபோது வீட்டில் பெரியம்மா வெள்ளைத் துணியைக் கிழித்து இதையேதான் செய்தார் என்பது மாணவிக்கு அப்போது நினைவு வந்தது. முன்பு விளங்காத சடங்கு இப்போது வேலையாக விளங்கியது. வாய் திறந்தபடி விறைத்துவிடாமல், பார்க்க வருபவர்களுக்கு அந்த முகம் அவருடைய முகமாகவே இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்வது. குறிப்பில் மிக நிதானமாக எழுதப்பட்ட பத்தி இதுதான்.

இந்த ஏட்டுக்கு எல்லைகளும் உண்டு. நோயாளியின் பெயர், கட்டில் எண், ஊர் எதுவும் அதில் வரக்கூடாது. குறிப்பு மாணவியுடையது, அந்த மரணம் அந்தக் குடும்பத்துடையது. வாரக்கணக்கில் தூக்கம் வராமல், அந்தக் காட்சி கண்ணில் வந்துகொண்டே இருந்தால் எழுதுவது போதாது. மனநல ஆலோசகரிடம் அனுப்ப வேண்டும். மதிப்பெண் போடத் தொடங்கினால் மாணவிகள் ஆசிரியைக்குப் பிடித்ததை எழுதப் பழகிவிடுவார்கள். “வாழ்க்கை நிலையில்லாதது” திரும்பி வந்துவிடும்.

அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனை நர்ஸ் ஜொனாதன் பார்ட்டெல்ஸ் ஒரு சிறு வழக்கத்தைத் தொடங்கினார். நோயாளி இறந்ததும் கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் சுமார் ஒரு நிமிடம் பேசாமல் நிற்பார்கள். பிறகு அவரவர் வேலைக்குப் போவார்கள். அதற்குச் செலவில்லை, கருவி வேண்டாம். நம் வார்டுகளிலும் செய்யலாம்.

நர்சிங் ஆசிரியைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவி முதல் மரணத்தைப் பார்த்த அன்றே, விடுதிக்குப் போகும் முன் அவரைப் பதினைந்து நிமிடம் உட்காரவைத்துப் பேசுங்கள். குறிப்பை மறுநாள் எழுதட்டும். எழுதி வந்ததும் சிவப்புப் பேனாவை எடுக்காதீர்கள். ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.