லீவுக்கு விபாசனா முகாம் போகலாமா?

போனை அணைத்துவிட்டு நல்லா ரெஸ்ட் எடுக்கலாம்னு 10 நாள் விபாசனா முகாமுக்கு விண்ணப்பிக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்க.

சென்னை திருமுடிவாக்கம் உள்ளிட்ட கோயங்கா முறை மையங்களில் அதிகாலை 4 மணிக்கே மணி அடிக்கும். தினமும் சுமார் 10 மணி நேரம் தியானம். புதியவர்களுக்கு மாலை 5 மணிக்கு டீ, பழம். இரவுச் சாப்பாடு கிடையாது. புத்தகமும் படிக்க முடியாது.

முதல் 3 நாள் மூச்சைக் கவனிப்பதுதான் வேலை. அதன் பிறகு தினமும் மூன்று முறை, ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார முயல வேண்டும். முழங்கால் வலி அப்போதுதான் தெரியும்.

கட்டணம் இல்லை, ஆனால் முழுதாக இருப்பேன் என ஒப்புக்கொண்டே சேர வேண்டும். மனநலச் சிகிச்சை பெறுபவர்கள் அதை விண்ணப்பத்தில் மறைக்கக் கூடாது.

முதல் நாள் மாலை வருகை, கடைசிக் காலை கிளம்புதல் சேர்த்தால் 12 நாள். பயிற்சிக்குத் தயார்னா போங்க. தூங்கி எழ வேண்டும்னா ஊட்டிக்கு டிக்கெட் போடுங்க.