சேமித்த முகவரி எங்கே போனது?

ஆன்லைன் கடையில் ஒருவர் முகவரியை மாற்றிச் 'சேமி' பட்டனை அழுத்துகிறார். சேமித்தாயிற்று என்று தகவல் வருகிறது. அடுத்த பக்கத்திலோ பழைய முகவரி. திரும்பவும் அடித்துப் பார்க்கிறார், அதே பழையது. வாடிக்கையாளர் சேவை ஊழியர் பார்க்கும் நேரத்தில் எல்லாம் சரியாக இருப்பதால், புகாரை மூடிவிடுகிறார்கள்.

இருவர் பார்த்ததும் உண்மைதான். அமேசான் ஆர்டிஎஸ் போன்ற சேவைகளில் எழுதும் வேலை முதன்மை டேட்டாபேஸுக்கும், படிக்கும் வேலையின் பெரும்பகுதி அதன் நகலுக்கும் போகும். நகலில் மாற்றம் ஏறும்வரை முதன்மை காத்திருப்பதில்லை. வழக்கமாக இந்தத் தாமதம் ஒரு விநாடிகூட இருக்காது. அப்படியானால் நிமிடக் கணக்கில் எப்படி நீள்கிறது?

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இதற்கு ஒரு விசித்திரமான காரணம் உண்டு. காலையில் ஒருவர் விற்பனை அறிக்கைக்காக நகலில் இருபது நிமிடம் ஓடும் வினவலைத் தொடங்குகிறார். அதே நேரம் முதன்மையில் பழைய வரிகள் துப்புரவாகின்றன. அந்தத் துப்புரவு உத்தரவும் நகலுக்கு வருகிறது. அறிக்கைக்கோ அந்தப் பழைய வரிகள் இன்னும் தேவை. ஒன்று, அறிக்கையை நிறுத்த வேண்டும். அல்லது உத்தரவு காத்திருக்க வேண்டும். `max_standby_streaming_delay` என்ற அமைப்பின்படி, இயல்பாக 30 விநாடிதான் பொறுமை. அறிக்கை அடிக்கடி அறுந்துபோகிறதே என்று யாரோ அதை முப்பது நிமிடமாக்கியிருப்பார்கள். மாற்றங்களை வரிசையாக ஏற்றுவது ஒரே ஒரு செயல்முறை. அது நின்றால் பின்னால் வந்த அத்தனையும் நிற்கும். புதிய முகவரி நகலின் வாசல்வரை வந்துவிட்டது. உள்ளே ஏறவில்லை, அவ்வளவுதான்.

கண்டுபிடிக்க, நகலில் இதை ஓட்டலாம்:

```
SELECT now() - pg_last_xact_replay_timestamp();
```

ஒவ்வொரு விநாடிக்கும் ஒரு விநாடி என்று தாமதம் நேர்கோட்டில் ஏறி, அறிக்கை முடிந்ததும் சடாரென விழுந்தால் சந்தேகமே வேண்டாம். எழுத்தே இல்லாத நள்ளிரவில் இதே எண் வீணாகப் பயமுறுத்தும்: கடைசி மாற்றம் எப்போது நடந்தது என்பதைத்தான் அது கணக்கிடுகிறது.

அறிக்கைக்குத் தனி நகல் வைப்பதே நல்ல தீர்வு. `hot_standby_feedback` அமைப்பை இயக்கினால் முதன்மை துப்புரவைத் தள்ளிப்போடும். ஆனால் அங்கே குப்பை சேரும்.

எது செய்தாலும் தாமதம் பூஜ்ஜியமாகாது. ஆகவே எழுதியவரைச் சற்று நேரம் முதன்மையிலிருந்தே படிக்க விடுகிறார்கள். 2008-இல் ஃபேஸ்புக் இதற்காக உலாவியில் ஒரு குக்கி வைத்து 20 விநாடி காத்தது. அது ஒரு உத்தேசம்தான். கிட்லேப் இன்னும் நுட்பமாக, எழுதியபோது பதிவேடு எந்த இடத்தில் இருந்தது எனக் குறித்துவைத்து, நகல் அதை எட்டிவிட்டதா என்று பார்க்கிறது.

இந்த ஏற்பாடு எழுதியவரின் கண்ணைத்தான் காக்கும். பார்சல் லேபிள் அச்சிடும் நிரல் நகலைப் படித்தால், சரக்கு பழைய வீட்டுக்கே போகும். அந்த நிரல் முதன்மையைத்தான் கேட்க வேண்டும்.