ஒரு நொடி மௌனமும் அணைத்துவைத்த கேமராவும்

தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்தில், வீட்டிலிருந்தபடியே சென்னை நிறுவனத்துக்கு வேலை பார்க்கிறார் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். காலை பத்து மணிக்கு டீம் மீட்டிங். "அந்த டெஸ்டிங் முடிஞ்சுதாம்மா?" என்கிறார் டீம் லீடர். "முடிஞ்சுது சார், ஆனா..." என்று இவர் தொடங்குவதற்குள், பதில் வரவில்லையே என்று லீடர் அடுத்தவரைக் கேட்டுவிடுகிறார். இரண்டு குரலும் மோதிக்கொள்கின்றன. "நீங்க பேசுங்க சார்" என்று இவர் ஒதுங்கிக்கொள்கிறார். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் இருந்த சிக்கல் வெளியே வரவேயில்லை. இதுவே வாரக்கணக்கில் நடந்தால் 'கேட்டாலும் வாய் திறக்கமாட்டார்' என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். அப்ரைசலில் 'ஈடுபாடு குறைவு' என்றும் எழுதப்படும்.

இதில் அவர் செய்த பிழை எது? எதுவுமில்லை. நேரில் பேசும்போது ஒருவர் கேட்டு முடித்ததற்கும் மற்றவர் பதில் தொடங்குவதற்கும் நடுவே நாம் விடும் இடைவெளி சராசரியாக 0.2 நொடிதான். பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-ல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. இப்போது நெட் மந்தமாக இருந்து, குரல் ஒரு பக்கம் போய்ச்சேர அரை நொடி பிடிக்கிறது என்று கொள்ளுங்கள். கேள்வி வர அரை நொடி, இவர் பதிலைத் தொடங்க 0.2 நொடி, அந்தப் பதில் திரும்பிப் போக அரை நொடி. இவர் உடனே பதில் சொன்னாலும் லீடர் காதுக்கு 1.2 நொடி மௌனம். நேரில் அது தயங்குகிறவரின் மௌனம். எதையோ மறைக்கிறவரின் மௌனம்.

2014-ல் ஜெர்மனி ஆய்வாளர்கள் இதையே சோதித்துப் பார்த்தார்கள். தாமதம் இணைப்பில்தான் இருந்தது. ஆனால் பேசியவர்களோ எதிர்முனையில் இருந்தவரையே கவனக்குறைவானவர் என்று மதிப்பிட்டார்கள். நெட்டின் குறை ஆளின் குணமாகிவிடுகிறது.

அலுவலகத்திலும் தப்பாகப் புரிந்துகொள்வது உண்டுதான். ஆனால் மீட்டிங் முடிந்து டீ குடிக்கப் போகும்போது, "அவர் உன்மேல கோபப்படலை, அவருக்கு மேலிடத்துப் பிரஷர்" என்று ஒருவர் சொல்லிவிடுவார். வீட்டிலிருப்பவருக்கு மீட்டிங் முடிந்ததும் திரை அணைந்துவிடும், அவ்வளவுதான். 'ஓகே' என்று மொட்டையாக வந்த ஒரு மெசேஜை மாலைவரை மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருப்பார். தனிமை என்று இவர்கள் சொல்வது ஆளில்லாத தனிமையை அல்ல. வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். தப்பைத் திருத்திச் சொல்ல ஆளில்லாத தனிமை அது.

இந்தச் சந்தேகத்துக்கு மேனேஜர்கள் கண்டுபிடிக்கும் மருந்து, "எல்லாரும் கேமராவை ஆன் பண்ணுங்க." முகம் தெரிந்தால் ஈடுபாடு தெரியும் என்பது அவர்கள் கணக்கு. அமெரிக்காவில் 103 ஊழியர்களை நான்கு வாரம் கவனித்து 2021-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. கேமரா ஆனில் இருந்த நாட்களில் களைப்பு கூடியது. களைப்பு கூடியபோது மீட்டிங்கில் பேசுவதும் ஈடுபாடும் குறைந்தன. பெண்களுக்கும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் பாதிப்பு அதிகம். நம் தென்காசிப் பெண்ணுக்கு முதுகுக்குப் பின்னால் மாமியார் நடமாடும் கூடம் வேறு. திரையில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு பாரம்தான். அதை மட்டும் மறைத்துக்கொள்ளும் வசதி பெரும்பாலான செயலிகளில் உண்டு.

இந்தச் சண்டை கோர்ட் வரைக்கும் போயிருக்கிறது. நெதர்லாந்தில் ஒருவர், நாள் முழுக்க கேமராவை ஆனில் வைக்க மறுத்ததற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டார். திரையைத்தான் ஏற்கெனவே பகிர்கிறேனே என்பது அவர் வாதம். அமெரிக்க நிறுவனம் அவரை நீக்கியது செல்லாது என்று 2022-ல் டில்பர்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு நம் ஊரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் கண்காணிப்பும் கலந்துரையாடலும் ஒன்றல்ல என்பதை அந்த வழக்கு வெட்டவெளிச்சமாக்கியது.

அதற்காகக் கேமராவே வேண்டாம் என்று சொல்லவில்லை. புதியவர் ஒருவர் அறிமுகமாகும்போதும், மனஸ்தாபத்தைப் பேசித் தீர்க்கும்போதும் முகம் தெரிய வேண்டும். நாற்பது பேர் உட்கார்ந்து ஒருவர் பேசுவதைக் கேட்கும் மீட்டிங்கில் அது எதற்கு?

தாமதம் இருக்கிறதா என்று அறிய ஒரு எளிய சோதனை உண்டு. இருவரும் மாறி மாறி ஒன்று முதல் பத்துவரை எண்ணிப் பாருங்கள். நேரில் எண்ணுவதைவிடத் தெளிவாக இழுத்தால் குறை இணைப்பில் இருக்கிறது. டீம் லீடராக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பெயரைச் சொல்லிக் கேளுங்கள், கேட்டபின் இரண்டு நொடி பொறுங்கள், எந்த மீட்டிங்குக்குக் கேமரா வேண்டும் என்பதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள்.