ஒரே கயிறு... ரெண்டு டென்ஷன்!

பிசிக்ஸ் வைவாவில் எக்ஸ்டர்னல் ரொம்ப அப்பாவியா முகத்தை வச்சுக்கிட்டுக் கேட்கிற கேள்வி இது. "ஒரு கப்பி. அது மேல ஒரு கயிறு. இந்தப் பக்கம் 3 கிலோ, அந்தப் பக்கம் 2 கிலோ. கயித்துல டென்ஷன் எவ்வளவு?"

நம்ம ஆளு ப்ளஸ் ஒன்ல உருப்போட்ட ஃபார்முலாவை எடுத்து விடுவார். 23.52 நியூட்டன். பதில் வந்ததும் அடுத்த கேள்வி விழும். "சரிப்பா, அந்தக் கப்பியே 2 கிலோ இருக்கு. இப்போ எவ்வளவு?" முக்கால்வாசிப் பேருக்கு நிஜமான டென்ஷன் ஆரம்பிக்கிறது இங்கேதான்!

இதுக்குச் சரியான பதில் ஒரு எண் இல்லை, ரெண்டு எண். ஒரே கயிறுதான், ஆனா இடது பக்கம் ஒரு இழுவிசை, வலது பக்கம் வேறொண்ணு. "அதெப்படிங்க, கயிறு ஒண்ணுதானே?" என்று கேட்கத் தோணுதா? நியாயமான சந்தேகம். ஏன்னா பள்ளிக்கூடத்துல 'எடையில்லாத கப்பி, உராய்வில்லாத கப்பி' என்று கணக்கோட முதல் வரியிலேயே சொல்லிட்டாங்க. நாம அந்த வரியை யாருமே படிக்கலை. டென்ஷன் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்குங்கறது கயித்தோட குணம் இல்லை, கப்பிக்கு எடையே இல்லைன்னு வச்சுக்கிட்டதால வந்த சலுகை.

யோசிச்சுப் பாருங்க. 3 கிலோ கீழே இறங்குது, 2 கிலோ மேலே ஏறுது, ரெண்டுக்கும் வேகம் கூடிக்கிட்டே போகுது. கயிறு வழுக்காம ஓடுதுன்னா கப்பியும் அதே கணக்குல வேகமாச் சுத்தியாகணும். நின்னுக்கிட்டிருந்த ஒரு 2 கிலோ சக்கரத்தை யாரோ சுத்த வைக்கணும். யாரு? கயித்தை விட்டா அதைச் சுத்தி விட வேற ஆளே இல்லை. ஒரு பக்கக் கயிறு ஒரு திசையில சுத்தப் பாக்குது, மறுபக்கக் கயிறு எதிர்த் திசையில சுத்தப் பாக்குது. ரெண்டும் சமமா இழுத்தா கப்பி மேல நிகர டார்க் பூஜ்யம், அதோட சுழற்சி வேகம் மாறவே மாறாது. அதனால 3 கிலோ பக்கம் கொஞ்சம் அதிகமா இழுத்தே ஆகணும். மேட்டர் இவ்வளவுதான். மீதியெல்லாம் கணக்கு.

அந்தக் கணக்கையும் போட்டுருவோம். கப்பி ஒரு சீரான தட்டு, நிறை 2 கிலோ, ஆரம் R. தட்டுக்கு மொமென்ட் ஆஃப் இனர்ஷியா, தமிழ்ப் புத்தகத்துல நிலைமத் திருப்புத்திறன், I = ½MR². அச்சுல உராய்வு இல்லை, கயித்துக்கு எடை இல்லை. 3 கிலோ பக்க டென்ஷன் T1, 2 கிலோ பக்கம் T2. மூணு பொருள் இருக்கு, மூணு சமன்பாடு:

3g − T1 = 3a
T2 − 2g = 2a
(T1 − T2)R = Iα

மூணாவதுதான் புது விருந்தாளி. கயிறு வழுக்கலைன்னா α = a/R. அதைப் போட்டா T1 − T2 = (I/R²)a. இந்த I/R² என்ன தெரியுமா? நம்ம தட்டுக்கு அது ½M, அதாவது 1 கிலோ. R காணாமப் போயிடுச்சு! கப்பி சின்னதா பெருசாங்கறது கவலையே இல்லை, நிறை எப்படிப் பரவியிருக்குங்கறது மட்டும்தான் முக்கியம்.

மூணையும் கூட்டினா டென்ஷன் எல்லாம் அடிபட்டுப் போய் g = (3 + 2 + 1)a என்று நிக்கும். a = 9.8/6 = 1.633 மீ/வி². கப்பியை மறந்திருந்தா 9.8/5 = 1.96 வந்திருக்கும். இப்போ டென்ஷன்:

T1 = 3(9.8 − 1.633) = 24.5 நியூட்டன்
T2 = 2(9.8 + 1.633) = 22.87 நியூட்டன்

வித்தியாசம் 1.63. கப்பியோட பங்கான 1 கிலோவை 1.633-ஆல பெருக்கினா அதே விடை. இப்படிச் சரிபார்க்காம அடுத்த கணக்குக்குப் போகாதீங்க, குறி மாத்திப் போட்ட தப்பெல்லாம் இங்கேயே மாட்டிக்கும். பழைய 23.52 எங்கே போச்சுன்னு பாருங்க, இந்த ரெண்டுக்கும் நடுவுல உக்காந்திருக்கு.

அதே 2 கிலோவை நடுவுல வச்சிருக்காம முழுக்க விளிம்புல வச்சா? சைக்கிள் ரிம் மாதிரி. I = MR², கப்பியோட பங்கு 2 கிலோ ஆயிடும். a = 9.8/7 = 1.4. டென்ஷன் 25.2, 22.4. கப்பியோட எடை அதேதான், ஆனா டென்ஷன் வித்தியாசம் 1.63-ல இருந்து 2.8-க்கு எகிறிடுச்சு.

இங்கே நிறையப் பேர் வழுக்குற ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு, 'கப்பி கனமா இருக்கு, அதனால டென்ஷன் வேற வேற' என்று எழுதுறது. கனம் மட்டும் போதாது பாஸ். ரெண்டு பக்கமும் 3 கிலோவே தொங்கட்டும், கையால லேசா ஒரு தட்டு தட்டி விடுங்க. எல்லாம் ஒரே சீரான வேகத்துல ஓடும். கப்பி 20 கிலோ இருந்தாலும் ரெண்டு டென்ஷனும் சமம்தான். சுத்துறதுக்கு டார்க் வேண்டாம், சுத்துற வேகம் மாறத்தான் டார்க் வேணும்.

ரெண்டாவது, 'உராய்வில்லாத கப்பி' என்கிற வார்த்தை. இதுல ரெண்டு உராய்வு ஒளிஞ்சிருக்கு. அச்சுல இருக்கிறது வில்லன், அது இல்லாம இருந்தா நல்லது. கயித்துக்கும் கப்பிப் பள்ளத்துக்கும் நடுவுல இருக்கிறதோ ஹீரோ. அது இல்லைன்னா கயிறு சும்மா வழுக்கிக்கிட்டு ஓடும், கப்பி தேமேன்னு நிக்கும், டென்ஷனும் ரெண்டு பக்கம் ஒண்ணாயிடும், பழைய 23.52-தான் விடை. எவ்வளவு உராய்வு தேவை? கயிறு கப்பியை அரை வட்டம் சுத்தியிருந்தா, T1/T2 என்கிற விகிதம் e^(μπ)-ஐத் தாண்டாத வரைக்கும் வழுக்காது. நம்ம கணக்குல விகிதம் 1.07, அதுக்கு μ = 0.022 இருந்தாலே போதும். சாதாரண நூலுக்கும் உலோகத்துக்கும் இடையில இதைவிடப் பல மடங்கு இருக்கும். அதனாலதான் லேப்ல கயிறு வழுக்குறதை நாம அவ்வளவாப் பாக்கறதில்லை.

இந்த அமைப்புக்கு அட்வுட் மெஷின்னு பேர். ஜார்ஜ் அட்வுட், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி காலேஜ்காரர். 1784-ல வெளியிட்ட புத்தகத்துல இதை விளக்கினார். பொருள் நேரா விழுந்தா கண் மூடித் திறக்கிறதுக்குள்ள தரையில இருக்கும், அந்தக் காலத்துக் கடிகாரத்தை வச்சு அளக்க முடியாது. அதனால ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமான எடையைத் தொங்கவிட்டு, விழுறதையே ஸ்லோமோஷன் ஆக்கினார். நம்ம ஆளு மாதிரி கப்பியை மறந்தவர் இல்லை அவர். அச்சை நேராத் தாங்கியில வைக்காம வேற சின்னச் சக்கரங்கள் மேல உருள விட்டு உராய்வைக் குறைச்சார், சக்கரங்களோட நிலைமத்தையும் கூடுதல் நிறையாக் கணக்குல சேர்த்துக்கிட்டார். நாம மேலே சேர்த்த அந்த '1 கிலோ' மாதிரியேதான். (மனுஷர் செஸ்லயும் கில்லி. ஃபிலிடோர் ஆடின ஆட்டங்களை எழுதி வச்சவர்.)

இப்போ நம்ம லேபுக்கு வாங்க. g கண்டுபிடின்னு பரிசோதனை. நீங்க அளந்த முடுக்கம் 1.633, கப்பியை மறந்துட்டு ஐந்தால பெருக்கினா g = 8.17. உடனே என்ன நடக்கும்னு நமக்குத் தெரியாதா? பின்னாடியிருந்து கணக்குப் போட்டு, ரீடிங்கை ஒழுங்குபடுத்தி, ரெக்கார்டுல 9.79 என்று அழகா எழுதிருவோம். தேவையே இல்லை. உங்க 8.17 சரியான ரீடிங், தப்பு ஃபார்முலாவுல.

ஒரு விஷயம் மட்டும் கவனிங்க. 1 மீட்டர் உயரத்துல இருந்து விழ, கப்பியைச் சேர்த்தா 1.11 விநாடி, சேர்க்கலைன்னா 1.01 விநாடி. வித்தியாசம் பத்துல ஒரு பங்கு விநாடிதான். ஸ்டாப் வாட்ச்சைக் கையால அமுக்கினா உங்க கட்டைவிரல் தாமதமே அதை முழுங்கிடும். எடை வித்தியாசத்தைக் குறைங்க. 2.6 கிலோ, 2.4 கிலோன்னு தொங்கவிட்டா நேரம் 2.47-க்கும் 2.26-க்கும் இடையில பிரிஞ்சு நிக்கும். லேப்ல ஃபோட்டோகேட் இருந்தா இந்தத் தொல்லையே இல்லை.

அச்சு உராய்வை என்ன செய்யறது? ரெண்டு பக்கமும் சம எடை போட்டு, ஒரு பக்கம் மட்டும் சின்னச் சின்ன எடையாச் சேர்த்துக்கிட்டே, ஒவ்வொரு தடவையும் லேசாத் தட்டி விடுங்க. எப்போ நிக்காம, வேகமும் கூடாம சீரா ஓடுதோ, அந்தக் கூடுதல் எடைதான் உராய்வுக்கான விலை. மொத்த எடை மாறினா அச்சு மேல பாரமும் மாறும், அதனால எடை ஏத்தும்போதெல்லாம் இதை மறுபடி பார்க்கணும். அதைக் கனமான பக்கத்துலயே விட்டுட்டு, எடை வித்தியாசத்துல சேர்க்காதீங்க.

கப்பியோட I தெரியலைன்னா? ஆரம் அளக்கணும், நிறை தெரியணும், நடுவுல ஓட்டை வேற இருக்கும். எதுவும் வேண்டாம். எடை வித்தியாசத்தை 1 கிலோன்னு அப்படியே வச்சுக்கிட்டு, ரெண்டு பக்கமும் சமமா எடை ஏத்திக்கிட்டே போங்க. 3-ம் 2-ம், அடுத்து 4-ம் 3-ம், அப்புறம் 5-ம் 4-ம். ஒவ்வொண்ணுக்கும் a-வை அளந்து, 1/a-வை மொத்தத் தொங்கும் நிறைக்கு எதிரா வரைங்க. 5 கிலோவுக்கு 0.612, 7 கிலோவுக்கு 0.816, 9 கிலோவுக்கு 1.020. நேர்கோடு வரும். கிலோவுக்கு 0.102 சரிவு, அதைத் தலைகீழாப் போட்டா g = 9.8. ஃபார்முலாவுல கப்பி எங்கேயுமே வரலை பாருங்க!

இப்போ ஸ்கேலை வச்சு அந்தக் கோட்டைப் பின்பக்கமா நீட்டுங்க. அது பூஜ்யத்துல போய் முட்டாது. அதையும் தாண்டி, மைனஸ் 1 கிலோவுல போய் அச்சைத் தொடும். அந்த 1 கிலோதான் I/R².