ஒரே ரிஸ்க், கூடுதல் வருமானம்: திறன்மிகு எல்லைக்கோட்டின் கணக்கு

பங்கு, கடன்பத்திரம் போன்ற சொத்துகளை எண்ணற்ற விகிதங்களில் கலக்கலாம். ஒவ்வொரு கலவைக்கும் எதிர்பார்க்கும் வருமானம் ஒன்று, ரிஸ்க் ஒன்று. ரிஸ்க்கைக் கிடைக்கோட்டிலும் வருமானத்தைச் செங்குத்துக் கோட்டிலும் குறித்தால், எல்லாக் கலவைகளும் புள்ளிகளாகப் பரவிக் கிடக்கும். அவற்றுள் ஒவ்வொரு ரிஸ்க் அளவுக்கும் அதிக வருமானம் தரும் புள்ளிகள் மட்டும் சேர்ந்து, மேல் விளிம்பில் ஒரு வளைகோடாக அமைகின்றன. இதுவே திறன்மிகு எல்லைக்கோடு. 1952இல் அமெரிக்கப் பொருளியலாளர் ஹாரி மார்க்கோவிட்ஸ் வெளியிட்ட கட்டுரையிலிருந்து பிறந்த கருத்து இது. இத்துறையில் செய்த பணிக்காக 1990இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

இங்கே ரிஸ்க் என்பது வருமானம் தன் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி ஆடுகிறது என்ற அளவு. புள்ளியியலில் இதற்குத் திட்டவிலக்கம் என்று பெயர். சராசரி வருமானம் 12 சதவீதம், திட்டவிலக்கம் 20 சதவீதம் என்றால், ஏறத்தாழ மூன்றில் இரண்டு ஆண்டுகளில் வருமானம் 8 சதவீத நஷ்டத்துக்கும் 32 சதவீத லாபத்துக்கும் இடையே இருக்கும்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். பங்குகளின் வருமானம் 12 சதவீதம், ரிஸ்க் 20. நீண்டகாலக் கடன்பத்திரங்களின் வருமானம் 7 சதவீதம், ரிஸ்க் 10. இரண்டின் ஏற்ற இறக்கங்களுக்கும் தொடர்பே இல்லை என்று கொள்வோம். பணம் முழுவதையும் கடன்பத்திரத்தில் போட்டால் 7 சதவீத வருமானமும் 10 அளவு ரிஸ்க்கும் கிடைக்கும். இப்போது 40 சதவீதத்தைப் பங்குகளுக்கு மாற்றினால் வருமானம் 9 சதவீதமாகிறது. ரிஸ்க்கில் பங்குகளின் பகுதி 20இல் 40 சதவீதம், அதாவது 8. கடன்பத்திரங்களின் பகுதி 10இல் 60 சதவீதம், அதாவது 6. தொடர்பற்ற இரண்டு ரிஸ்க்குகளை நேராகக் கூட்டக் கூடாது. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் காண வேண்டும். 64உம் 36உம் சேர்ந்து 100. அதன் வர்க்கமூலம் 10. ஆக, ரிஸ்க் அதே 10, வருமானம் மட்டும் 2 சதவீதப் புள்ளி அதிகம்.

பங்குகளின் அளவு 20 சதவீதமாக இருக்கும்போது ரிஸ்க் 8.9 ஆகக் குறைகிறது. வருமானம் 8 சதவீதம். இந்த இரண்டு சொத்துகளை வைத்து இதைவிடக் குறைந்த ரிஸ்க்கை அடைய முடியாது. எல்லைக்கோடு இங்கேதான் தொடங்குகிறது. பங்குகள் இதற்கும் குறைவாக உள்ள கலவைகளில் ரிஸ்க் கூடுகிறது, வருமானமோ குறைகிறது. எனவே அவற்றைத் தேர்ந்தெடுக்கக் காரணமே இல்லை. 20 சதவீதத்துக்கு மேல் போனால் கூடுதல் வருமானத்துக்குக் கூடுதல் ரிஸ்க் ஏற்றாக வேண்டும். எந்தப் புள்ளியில் நிற்பது என்பது அவரவர் தாங்கும் சக்தியைப் பொறுத்தது.

இந்த லாபத்துக்கு மூலகாரணம் ஒட்டுறவு, அதாவது இரண்டு சொத்துகள் எந்த அளவுக்குச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பது. அது –1 முதல் +1 வரை இருக்கலாம். மேலே உள்ள கணக்கில் அது 0. ஒட்டுறவு +1 ஆனால், 40–60 கலவையின் ரிஸ்க் 8உம் 6உம் நேராகக் கூடி 14 ஆகிவிடும். 0.5 ஆனாலும் 12.2. அந்த நிலையில் பங்குகளைச் சிறிதளவு சேர்த்தாலும் ரிஸ்க் கடன்பத்திரத்தின் 10ஐவிடக் குறையாது. ஒரு சொத்தின் தனி ரிஸ்க்கை மட்டும் பார்த்து அதை ஒதுக்கக் கூடாது என்பதும், எண்ணிக்கையைக் கூட்டுவதால் மட்டும் பயனில்லை என்பதும் இதிலிருந்து விளங்கும். ஒரே துறையைச் சேர்ந்த பத்துப் பங்குகள் பெரும்பாலும் ஒன்றாகவே விழும்.

சிக்கல் என்னவென்றால், ஒட்டுறவு நிலையானதல்ல. 2022இல் அமெரிக்காவில் பணவீக்கத்தை அடக்க வட்டி விகிதம் வேகமாக உயர்த்தப்பட்டபோது பங்குகளும் கடன்பத்திரங்களும் சேர்ந்தே சரிந்தன. பங்குச் சந்தையின் எஸ் அண்ட் பி 500 குறியீடு ஈவுத்தொகையையும் சேர்த்துச் சுமார் 18 சதவீதம் இறங்கியது. கடன்பத்திரச் சந்தையும் சுமார் 13 சதவீதம் இழந்தது.

எதிர்பார்க்கும் வருமானத்தைக் கணிப்பது இன்னும் கடினம். ரிஸ்க் 20 உள்ள ஒரு பங்குத் தொகுப்புக்கு 25 ஆண்டுத் தரவு இருந்தாலும், அதன் சராசரியில் 4 சதவீதப் புள்ளி அளவுக்குப் பிழை இருப்பது சாதாரணம். 12 என்று தெரிவது உண்மையில் 8 ஆகவும் இருக்கலாம், 16 ஆகவும் இருக்கலாம். கணினி இந்தப் பிழையை அறியாது. தற்செயலாக நன்றாக ஏறிய சொத்தையே சிறந்தது என்று நம்பி, அதில் பெரும்பகுதியைக் குவித்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. ஒரு சொத்தின் எதிர்பார்க்கும் வருமானத்தை 1 சதவீதப் புள்ளி குறைத்து மீண்டும் கணக்கிட வேண்டும். பரிந்துரைக்கப்பட்ட விகிதங்கள் தலைகீழாக மாறினால் அந்தக் கலவையை நம்ப முடியாது. ஒவ்வொரு சொத்துக்கும் உச்சவரம்பு வைத்துக் கணக்கிடுவதே அப்போது பாதுகாப்பானது.